நிலைச்செலவு ஏறினால் உற்பத்தி குறையுமா?

"நிலைச்செலவு உற்பத்தி அளவை மாற்றாதுன்னு படிச்சோம். ஆனா குறைந்தபட்ச லாபத்தை வெச்சுக்கிட்டு விற்பனை வருவாயை உச்சப்படுத்துற பாமோலோட மாதிரிக் கணக்குல விடை மாறுதே, எது சரி?"

இரண்டும் சரிதான், நிறுவனம் எதைத் துரத்துகிறது என்பதுதான் வித்தியாசம்.

P = 100 − Q, செலவு 20Q + 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 80Q − Q² − 200. லாபத்தை உச்சப்படுத்துபவர் 40 அலகில் நிற்பார், விலை 60, லாபம் 1400. வருவாய் மட்டுமே குறி என்றால் 50 அலகு வரை போகலாம், ஆனால் அங்கே லாபம் 1300தான். பங்குதாரர்கள் குறைந்தது 1375 கேட்கிறார்கள் என்றால் அவ்வளவு தூரம் போக முடியாது. சமன்பாட்டைத் தீர்த்தால் 35, 45 என இரண்டு விடை வரும். வருவாய் அதிகமாக இருக்கும் 45ஐ எடுக்க வேண்டும் (பரீட்சையில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்). விலை 55.

இப்போது நிலைச்செலவு 216 ஆகிறது. முதல் ஆள் அசையமாட்டார், இறுதிநிலைச் செலவு அதே 20தானே, லாபத்தில் 16 போகும், அவ்வளவுதான். இரண்டாமவருக்கோ 45 அலகில் லாபம் 1359க்கு இறங்கிவிடுகிறது, நிபந்தனை உடைகிறது, அதனால் கூடுதல் விற்பனைக்காக விட்டுக்கொடுத்த லாபத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடிக்க உற்பத்தியை 43க்குக் குறைத்து விலையை 57 ஆக்குகிறார். மொத்தத் தொகையாகப் போடும் வரிக்கும் இதே கதைதான்.

ஆனால் ஒன்று, பங்குதாரர்கள் கேட்டது 1250 மட்டும் என்றால் 50 அலகிலேயே 1284 மிஞ்சும், அப்போது இவரும் அசையமாட்டார். அதனால் நிபந்தனை உண்மையில் இறுக்குகிறதா என்று முதலில் பாருங்கள்.