புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா? க்ளோஸ் டெஸ்ட் கேள்வி பதில்

கேள்வி (எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்): ஃப்ரேசல் வெர்ப் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். டேக் ஆஃப் ஒன்றுக்கே ஏழெட்டு அர்த்தம் போட்டிருக்கிறார்கள். பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்ட்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

பதில்: பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் அந்த வினைக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். "ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்" என்பதில் ஷூ இருக்கிறது, அதனால் கழற்றினான். "தி பிளேன் டுக் ஆஃப்" என்பதில் பின்னால் ஒன்றும் இல்லை, கிளம்பியது. செயப்படுபொருள் இல்லாதபோது எழுவாயைக் கேளுங்கள். விமானம் என்றால் மேலே பறந்தது. "ஹெர் பிசினஸ் டுக் ஆஃப்" என்றால் வியாபாரம் சூடுபிடித்தது. "ஹி டுக் ஆஃப் ஃபார் மதுரை" என்றால் ஆள் மதுரைக்குக் கிளம்பிவிட்டார். இப்படிப் பிரித்துப் பார்த்தாலே ஏழெட்டு அர்த்தம் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

கேள்வி (வங்கித் தேர்வு எழுதுபவர்): நானே ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறேன். புட் ஆஃப் வந்து, செயப்படுபொருள் நிகழ்ச்சியாக இருந்தால் தள்ளிப்போடுவது. ஆளாக இருந்தால் மனதை மாற்றி விலக வைப்பது. சரிதானே?

பதில்: பெரும்பாலும் சரி. பலருக்கு இரண்டாவது அர்த்தமே தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விதி இரண்டு இடத்தில் சறுக்கும்.

கடன் கொடுத்தவர் வந்து நிற்கிறார். "ஐ புட் ஹிம் ஆஃப் டில் மண்டே" என்கிறார் கடன் வாங்கியவர். ஹிம் ஆள்தான், ஆனாலும் இங்கே அர்த்தம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டேன் என்பது. காட்டிக்கொடுப்பது டில் என்ற சொல். டில், அன்டில், ஏதாவது ஒரு தேதி பக்கத்தில் இருந்தால் தள்ளிப்போடும் அர்த்தத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஐஎன்ஜி வினை பின்னால் வரும் இடம். "ஷி புட் ஆஃப் கோயிங் டு தி டாக்டர்" என்றால் டாக்டரிடம் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "தி ஸ்மெல் புட் மீ ஆஃப் ஈட்டிங் ஃபிஷ்" என்றால் அந்த நாற்றத்தில் மீன் சாப்பிடும் ஆசையே போய்விட்டது. இரண்டிலும் ஐஎன்ஜி இருக்கிறது. வித்தியாசம், இரண்டாவதில் புட்டுக்கும் ஆஃபுக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி (கல்லூரி மாணவி): நான்கு ஆப்ஷனும் ஆளோடு பொருந்தி வந்தால் என்ன செய்வது? ஒரு பத்தியை வைத்துச் சொல்லுங்களேன்.

பதில்: நானே ஒன்று எழுதுகிறேன். ஒரு கல்லூரி புதிதாக மாலை நேர வகுப்பு தொடங்குகிறது. முதல் வாக்கியம்: "தி ஹை ஃபீ புட் மெனி அப்ளிகன்ட்ஸ் ____." அடுத்தது: "ஒன்லி ஹாஃப் தி சீட்ஸ் வேர் ஃபில்ட்." ஆப்ஷன்கள் ஆஃப், அவுட், அப், டவுன்.

நான்குமே ஆளை ஏற்கும். புட் அப் என்றால் தங்க இடம் கொடுப்பது, புட் டவுன் என்றால் மட்டம் தட்டுவது, புட் அவுட் என்றால் சிரமம் கொடுப்பது. அதனால் செயப்படுபொருளை மட்டும் பார்த்தால் இங்கே முடிவு கிடைக்காது. எழுவாய்க்குப் போங்கள். அதிகக் கட்டணம் யாருக்கும் தங்க இடம் கொடுக்காது, மட்டம் தட்டவும் செய்யாது. மிச்சம் ஆஃபும் அவுட்டும். கட்டணம் சிரமம் கொடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் அடுத்த வாக்கியம் வேண்டும். பாதி இடம் காலி. சிரமப்பட்டவர்கள் என்றால் எப்படியோ பணம் கட்டிச் சேர்ந்திருப்பார்கள். இவர்கள் சேரவே இல்லை, விலகிவிட்டார்கள். அதனால் ஆஃப்.

மூன்றாவது வாக்கியம்: "தி காலேஜ் புட் தி இனாகுரேஷன் ____ டில் ஆகஸ்ட்." இதற்கும் ஆஃப்தான். முன்னால் ஒரு முறை போட்டுவிட்டோமே என்று பலர் வேறு ஆப்ஷனுக்குத் தாவுவார்கள். ஒவ்வொரு கோடிட்ட இடமும் தனிக் கேள்வி, அதே சொல் திரும்ப வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கடைசி வாக்கியம்: "தி ஸ்டாஃப் ஹேட் டு புட் அப் ____ தி நாய்ஸ்." தங்க இடம் கொடுக்கும் அர்த்தம் சத்தத்தோடு ஒட்டாது. வித் சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது என்று ஆகிவிடும்.

கேள்வி (வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆனவர், கோவை): எனக்குப் பரீட்சை எல்லாம் கிடையாது. ஒரு பில் தொகை தப்பாக இருக்கிறது என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். "ப்ளீஸ் டேக் திஸ் அப் வித் அக்கவுன்ட்ஸ்" என்று பதில் வந்தது. அக்கவுன்ட்ஸ் மேல்மாடியில் இருக்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: நடக்காது, அவர் சொன்னது வேறு. டேக் அப் வித் என்றால் ஒரு விஷயத்தை ஒருவரிடம் எழுப்பிப் பேசுவது. அக்கவுன்ட்ஸில் உரியவரிடம், தொகை எங்கே தப்பு என்று நீங்களே சொல்லிக் கேட்க வேண்டும். மேலே கொண்டுபோய்க் கொடு என்பதற்கு வித் வராது, "டேக் இட் அப் டு அக்கவுன்ட்ஸ்" என்று டு வந்திருக்கும். இன்றைக்கே போய்ப் பேசிவிடுங்கள். தேர்வு எழுதுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்: கோடிட்ட இடத்துக்கு அடுத்து வரும் சின்னச் சொல்லைப் படிக்காமல் ஆப்ஷனைத் தொடாதீர்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா): அப்படியானால் கோட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு சொல் படித்தால் போதும், பத்தியே படிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் சார். நான் அப்படிச் சொல்லவில்லை. மேலே கட்டணம் வந்த கேள்விக்கு விடை அடுத்த வாக்கியத்தில்தானே இருந்தது? முதலில் பத்தி முழுவதையும் ஒரு முறை, ஆப்ஷன் பக்கம் போகாமல் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

கேள்வி (ஆங்கில ஆசிரியை): என் வகுப்பில் "புட் ஆஃப் தி ஃபேன்" என்று எழுதினால் தப்பு போடுகிறேன். அகராதியில் இருக்கிறது என்று பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது மேடம். விளக்கை அணைப்பதற்குப் புட் ஆஃப் என்று சில அகராதிகள் தருகின்றன. அதனால் முழுத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆப்ஷனில் டர்ன் ஆஃபோ சுவிட்ச் ஆஃபோ இருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். நெருப்பை அணைப்பது என்றால் புட் அவுட். அங்கே ஆஃப் கூடவே கூடாது.

கேள்வி (எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவர்): மாதிரித் தேர்வில் "தி டிரைவர் டிரைட் டு மேக் அப் ____ தி லாஸ்ட் டைம்" என்று வந்தது. ஃபார் போட்டேன். எதுவும் தேவையில்லை என்பதுதான் விடை என்கிறார்கள். அரை மார்க் மைனஸ் வேறு.

பதில்: இரண்டுமே புழக்கத்தில் இருக்கிறது. மேக் அப் தி லாஸ்ட் டைம் என்றும் எழுதுகிறார்கள், மேக் அப் ஃபார் என்றும் எழுதுகிறார்கள். நடுவில் தி இல்லாமல் வெறும் லாஸ்ட் டைம் என்று வந்திருந்தால் ஃபார் பக்கம் சாய்ந்திருப்பேன். தி இருப்பதால் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. கேள்வியிலேயே குறை இருப்பதாகத்தான் நினைக்கிறேன். நிஜத் தேர்வில் இப்படி ஒன்று வந்தால், தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் பதிவு செய்ய எஸ்எஸ்சி அவகாசம் தரும். அதற்குக் கட்டணம் உண்டு. ஃபார் போட்ட எடுத்துக்காட்டு வாக்கியம் அகராதியில் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.