குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: மருந்து தேவையா?

“பழைய ஜன்னல் பெயிண்டைச் சுரண்டிய பிறகு, ஒன்றரை வயது மகளுக்கு விரல் நுனி ரத்தப் பரிசோதனையில் ஈயம் 14 என்று வந்தது. மருந்து கொடுத்து எடுத்துவிட முடியாதா?”

முதலில் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்யுங்கள். விரலில் தூசி ஒட்டியிருந்தாலே அளவு கூடிக் காட்டும்.

டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் உறுதியானாலும் ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாகத் தருவதில்லை. 45-ஐத் தொட்டால்தான் தருவார்கள். 20 முதல் 44 வரை இருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் ரத்த ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் மேம்படவில்லை. ஈயம் கால்சியத்தைப் போல வேடமிட்டு நரம்புச் செல்களுக்குள் நுழைந்து, இணைப்புகள் உருவாகும் நேரத்திலேயே குறுக்கிடுகிறது. அதனால் இனி உள்ளே போகாமல் தடுப்பதுதான் உண்மையான சிகிச்சை.

உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகிப்பது ஜன்னல் சட்டத்தின் அடிப்பள்ளத்தைத்தான். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பெயிண்ட் உரசித் தூளாகும். அது தரைக்கு வந்து, குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். சுரண்டுவதை இன்றே நிறுத்துங்கள். உலர்ந்த துடைப்பம் தூளைக் கிளப்பிவிடும், ஈரத்துணியால் துடையுங்கள். ஈயத்தைக் கையாளத் தெரிந்தவர் சரிசெய்யும்வரை குழந்தை வேறு இடத்தில் இருப்பது நல்லது.

இரும்புச்சத்தையும் பரிசோதியுங்கள். அது குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மறுபரிசோதனை அவசியம். அளவு இறங்கவில்லை என்றால் ஈயம் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கலாம். எலும்பில் சேர்ந்தது மெல்லக் கசிவதாலும் இறக்கம் தாமதமாகும்.