மெயிலில் சொன்ன ரேட் ஒன்று, பிடித்த பணம் ஒன்று: கூரியர் கம்பெனி மேல் கேஸ் போடலாமா?

கேள்வி: சார், வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து பனை ஓலைப் பெட்டிகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். ஒரு கூரியர் கம்பெனி மெயில் அனுப்பியது: "அரை கிலோவுக்கு 32 ரூபாய், வீட்டுக்கே வந்து பிக்கப், மறைமுகக் கட்டணம் கிடையாது." நம்பிச் சேர்ந்து மூன்று மாதத்தில் 210 பார்சல் அனுப்பினேன். ஒரு பார்சல் 700 கிராம்தான், 64 ரூபாய்தான் ஆக வேண்டும். இப்போது எடை வித்தியாசம் என்று 39,360 ரூபாய் கேட்கிறார்கள். வாடிக்கையாளர்கள் கொடுத்த என் சி.ஓ.டி. பணம் 58,200 ரூபாயை முழுசாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மூன்று பார்சல் காணவே இல்லை. போனில் பேசும் பையனுக்கு மரியாதையே தெரியவில்லை. எட்டுப் பெண்கள் என்னை நம்பி வேலை செய்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று போலீசில் புகார் கொடுக்கலாமா? மெயில், பில், நிபந்தனைகள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதில்: போலீசை விட்டுவிடுங்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்து "இது சிவில் விவகாரம்மா" என்று அனுப்பிவிடுவார்கள், அதற்குள் உங்களுக்கு இரண்டு மாதம் போயிருக்கும். போனில் பேசிய பையனின் மரியாதையும் எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது.

நீங்கள் கேட்காத ஒரு கேள்விதான் இதில் முக்கியம். சேருவதற்கு முன்னால், "பெட்டியின் அளவைப் பார்க்க மாட்டோம், தராசில் வரும் எடைக்கு மட்டும்தான் காசு" என்று அந்தக் கம்பெனியில் யாராவது எழுத்தில் சொன்னார்களா? மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ? நீங்கள் அனுப்பியதில் அப்படி எதுவும் இல்லை. "மறைமுகக் கட்டணம் கிடையாது" என்பது அது ஆகாது. அந்த மெயில் வெறும் அழைப்பு. உங்கள் ஒப்பந்தம், ஆப்பில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டினீர்களே, அதற்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகள்தான். கையெழுத்தே போடவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது, மின்னணு முறையில் ஆன ஒப்பந்தமும் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அந்த நிபந்தனைகளின் நாலாவது பக்கத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வரும் எடை, தராசு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் என்று இருக்கிறது. கூரியர் தொழிலில் இது புதுசும் இல்லை.

உங்கள் அட்டைப்பெட்டி 35, 25, 20. பெருக்கினால் 17,500, வகுத்தால் 3.5 கிலோ. அதாவது அரை கிலோ கணக்கில் ஏழு, ஏழு 32 என்றால் 224 ரூபாய். (ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவைத்தே பேசுகிறேன்.) நீங்கள் நினைத்தது 64. ஒரு பார்சலுக்கு 160 ரூபாய் வித்தியாசம், 210 பார்சலுக்கு 33,600. ஓலைப்பெட்டியில் பாதி காற்றுதான், அந்தக் காற்றுக்குத்தான் இவ்வளவு பணம். இந்த 33,600ஐ எந்த வக்கீலாலும் எனக்குத் தெரிந்து திருப்பி வாங்கித் தர முடியாது. அப்படியே அந்த மெயில் உங்களைத் தவறாக நம்பவைத்தது என்று வைத்துக்கொண்டாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் இருந்தவருக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை கிடையாது என்று ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அதோடு முதல் வார பில்லிலேயே 3.5 கிலோ என்று வந்திருக்கிறது, அதற்கு அப்புறமும் பதினோரு வாரம் பார்சல் கொடுத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

மீதி 5,760 ரூபாய்தான் உண்மையான தகராறு. 90 பார்சலுக்கு அவர்கள் 38, 27, 20 என்று அளந்திருக்கிறார்கள், அது 4.1 கிலோ, மேலே தள்ளி 4.5 ஆக்கி ஒவ்வொன்றுக்கும் 64 ரூபாய் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மற்ற 120 பார்சலுக்கு அதே பெட்டியை அவர்களே 35, 25, 20 என்று அளந்திருக்கிறார்கள். ஒரே பெட்டிக்கு இரண்டு அளவு. இதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். ஏழு நாளுக்குள் ஆப்பில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகும் என்ற ஷரத்தைக் காட்டுவார்கள். உரிமையையே அழித்துவிடும் காலக்கெடு செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவை வைத்து நாம் வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் 5,760 ரூபாய்க்காக யார் வாதாடுவது?

சி.ஓ.டி. பணத்தில் அவர்களுக்குப் பாக்கி வர வேண்டியதைக் கழித்துக்கொள்ள நிபந்தனைகளில் இடம் இருக்கிறது. அவர்கள் கணக்குப்படியே கழித்தாலும் மிச்சம் 18,840 வருகிறது, அதையும் பிடித்து வைக்க நிபந்தனைகளில் எந்த இடமும் இல்லை. அங்கே அவர்கள் கை பலவீனம்.

சரி, இப்போது நான் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் நிலையில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேஸில் தோற்பது சட்டம் தெரியாமல் இல்லை, என்னிடம் வருவதற்கு முன்னால் எழுதி வைத்ததால்தான். ஒருவர் பதற்றத்தில் கம்பெனிக்கு, "நீங்கள் சொல்வது சரிதான், எங்களுக்குத் தெரியவில்லை, கொஞ்சம் டைம் கொடுங்கள், மாசாமாசம் கட்டிவிடுகிறேன்" என்று ஆப்பில் ஒரு டிக்கெட் போட்டிருந்தார். அவர் அதை சமாதானம் பேசியதாக நினைத்தார். எதிர்த்தரப்பு அதைக் கடனை ஒப்புக்கொண்டதாக அச்சடித்துக் கொண்டுவந்தது. அளவே தவறு என்று நாங்கள் வைத்திருந்த வாதம் அதோடு போச்சு. ஆகவே இனி நீங்கள் எதை எழுதினாலும் 5,760ஐ ஏற்கவில்லை என்ற வரி அதில் இருக்க வேண்டும். "கட்டிவிடுகிறேன்" என்ற வார்த்தை எங்கும் வரக்கூடாது.

இரண்டாவது பயம் அந்த எட்டுப் பெண்கள். சட்டத்துக்குத் தேவையில்லாததை நான் தள்ளிவிடுவேன், ஆனால் இந்த வரி தேவையில்லாதது மட்டும் இல்லை, ஆபத்தானது. உங்களுக்கு இருக்கிற ஒரே மலிவான வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன் டெல்லிப் பக்கம் என்று நிபந்தனைகளில் எழுதியிருந்தாலும் அது ஆணையத்தைத் தடுக்காது. ஆனால் வணிக நோக்கத்துக்காக சேவை வாங்கியவர் நுகர்வோரே இல்லை. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்தவே வாங்கினேன் என்றால் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். பரிதாபம் வர வேண்டும் என்று புகாரில் "எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறேன்" என்று எழுதினால், உங்கள் கையாலேயே கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து பின்னித் தந்து பெட்டிக்கு இவ்வளவு என்று உங்களிடம் விற்கிறவர்களா, உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்களா? முன்னது என்றால் அதை அப்படியே சொல்லலாம், வாதாட இடம் இருக்கிறது. பின்னது என்றால் ஆணையத்துக்குப் போகாதீர்கள். கதவு சாத்தப்பட்டால் ஆர்பிட்ரேஷன்தான் மிச்சம். அங்கே போய்வரும் ரயில் டிக்கெட்டுக்கும் ஃபீஸுக்குமே நீங்கள் கேட்கும் தொகை கரைந்துவிடும்.

காணாமல் போன மூன்று பார்சலைத் தனியாகப் பாருங்கள், அதில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2007 சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியரையும் பொதுச் சரக்குவண்டிக்காரராகவே கருதுகிறது. அவர்களுடைய அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, அது உங்களுக்கு நல்லது. ஆனால் 16ஆம் பிரிவுப்படி, பார்சல் பதிவு செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கே நிற்காது. காணாமல் போனதாக அவர்கள் அறிவித்த தேதியிலிருந்து கணக்கிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஆப்பில் போட்ட டிக்கெட்டை நோட்டீஸ் என்று நம்பாதீர்கள். மூன்று பார்சல் எண், தேதி, மதிப்பு மூன்றையும் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மெயில் அனுப்பிய கம்பெனி வெறும் இடைத்தரகராக இருந்து வண்டி வேறொருவருடையது என்றால் இருவருக்கும் அனுப்புங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? ஒவ்வொன்றும் 1,450 ரூபாய் என்கிறீர்கள், நிபந்தனைகளில் பார்சலுக்கு அதிகபட்சம் 1,000 என்று இருக்கிறது. இப்படி உச்சவரம்பு போட்ட ஷரத்து கையெழுத்திட்டவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பாரதி நிட்டிங் வழக்கில் சொல்லிவிட்டது, அங்கே ஜெர்மன் மார்க்கில் ஆயிரக்கணக்கில் நஷ்டம் கேட்ட பின்னலாடை நிறுவனத்துக்குக் கிடைத்தது 100 டாலர். ஆக உங்களுக்கு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 18,840, 5,760, 3,000, சேர்த்து 27,600. நீங்கள் 58,200 எதிர்பார்த்து வந்திருப்பீர்கள் என்று தெரியும். 27,600ஐக் கேட்டு ஒரே ஒரு நோட்டீஸ், பெட்டியின் போட்டோவும் அவர்களுடைய இரண்டு அளவுகளும் வரும் பில்லும் இணைத்து அனுப்புங்கள். அவர்கள் 22,000க்கு மேல் எந்தத் தொகை சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி லாபக் கணக்கில் இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை, ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் வக்கீல் ஃபீஸ் அவர்களுக்கும் வலிக்கும், அந்த இடைவெளியில்தான் சமரசம் நடக்கும்.

சமரச மெயிலில் கையெழுத்து கேட்பார்கள். "இரு தரப்புக்கும் இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று இருக்கிறதா, இல்லை "விற்பனையாளருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது மாதிரிதான் அவர்கள் முதலில் அனுப்புவார்கள். அதில் கையெழுத்து போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து "மைனஸ் பேலன்ஸ் 4,000, உடனே கட்டவும்" என்று நோட்டீஸ் வாங்கியவர் ஒருவர் போன மாதம்தான் என் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து போடுங்கள், முன்னால் இல்லை.