பாதியில் நிற்கும் வேலையை முடிப்பதா, விடுவதா? கேள்வி பதில்

கேள்வி: கிடங்கு கட்ட 100 லட்சம் திட்டம். 60 போய்விட்டது, வேலை பாதிக்குக் கொஞ்சம் மேல் முடிந்திருக்கிறது. முடித்தால் செலவெல்லாம் போக வருடம் 9 லட்சம் வாடகை, பத்து வருடம் வரும். மீதி 40தானே, தொடரலாமா?

அந்த 40 திட்டத்தில் மிச்சம் இருக்கும் பணம். வேலையை முடிக்க ஆகும் பணம் அது இல்லை. நிறைய பேர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். பொறியாளரிடம் ஒன்று கேளுங்கள்: இதுவரை முடிந்த வேலைகளுக்கு முதல் மதிப்பீட்டில் எவ்வளவு போட்டிருந்தோம்? அவர் 55 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 55க்கு முடிய வேண்டிய வேலைக்கு 60 ஆகியிருக்கிறது, மீதி 45க்கான வேலையும் அதே போக்கில் போனால் 49 ஆகும். 50 என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த 50இல் பாதியை இப்போதும் பாதியை ஒரு வருடம் கழித்தும் கொடுப்பீர்கள். பின்னால் கைமாறும் பணத்துக்கு இன்று மதிப்புக் குறைவு, அதை வருடம் 10 சதவீதம் என்று கழித்தால் இன்றைய மதிப்பில் செலவு 47.7. வாடகை, கட்டி முடித்து ஒரு வருடம் ஆன பிறகு, அதாவது இன்றிலிருந்து இரண்டாம் வருடக் கடைசியில்தான் முதல்முறை கைக்கு வரும். பத்து வருட வாடகையின் இன்றைய மதிப்பு 50.3. நிலம் குத்தகை, பத்து வருடம் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்று எடுத்துக்கொண்டதால் கட்டடத்துக்குக் கடைசியில் மதிப்பு எதுவும் போடவில்லை. ஆக முடித்தால் 2.6 லட்சம் மிச்சம். முடிவு இதோடு ஆகிவிடவில்லை, அடுத்த கேள்வியையும் பாருங்கள்.

கேள்வி: செலவான 60ஐ மறந்துவிட வேண்டும் என்று தெரியும் சார். அப்புறம் என்ன, 90 வருகிறது, 50 போகிறது, முடித்துவிட வேண்டியதுதானே?

60ஐ விட்டது சரி. ஆனால் அந்த 90ஐ அப்படியே கூட்டக் கூடாது. கடைசி 9 லட்சம் இன்றிலிருந்து பதினோராவது வருடம் வருகிறது, 10 சதவீதக் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு 3.15தான்.

இன்னொன்றும் விட்டுப்போகிறது. முடிப்பதை எதோடு ஒப்பிடுகிறோம்? பூஜ்யத்தோடு இல்லை, நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதோடு. பாதிக் கட்டடத்தை இருக்கிற நிலையிலேயே குத்தகையோடு சேர்த்து 8 லட்சத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்ளத் தயார் என்றால், நிறுத்தினால் 8, முடித்தால் 2.6. நிறுத்துவதுதான் சரி. மாறாக, விட்டுவிட்டுப் போனால் இடித்து நிலத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும், அதற்கு 6 ஆகும் என்று குத்தகை ஒப்பந்தம் சொன்னால், நிறுத்துவது −6. அப்போது முடிப்பது 8.6 லட்சம் மேல். கட்டடமும் வாடகையும் மாறவே இல்லை, ஆனாலும் முடிவு தலைகீழாகிவிட்டது. அந்த 60 கணக்கில் வராது, ஆனால் அந்த 60 கட்டிவைத்த பொருள் இன்று என்ன விலைக்குப் போகும் என்பது கட்டாயம் வரும்.

கேள்வி: எனக்குக் கட்டடம் இல்லை அண்ணா, ஒரு மென்பொருள் பாதியில் நிற்கிறது. கடன் வாங்கிச் செய்தேன். அந்த வட்டியையும் மீதிச் செலவில் சேர்த்தால் நஷ்டம் என்று வருகிறது.

வேலையை இன்றோடு விட்டால் அந்த வட்டி நின்றுவிடுமா? நிற்காது. இரண்டு பக்கமும் சமமாக வருவதை எடுத்துவிடுங்கள். கையில் பணம் இல்லாமல் மீதி வேலைக்கு வழியில்லை என்பது நிஜமான கவலைதான், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் வேலையில் நான் முதலில் பார்ப்பது சம்பளம். "ஆட்கள் எப்படியும் இருக்கிறார்கள்" என்று அதைப் பூஜ்யமாகப் போட்டுவிடுவார்கள். அதே ஆட்களை இன்னொரு வாடிக்கையாளரின் வேலைக்கு அனுப்பினால் மாதம் எவ்வளவு வரும்? முடிக்கும் வரை அந்த வரவை இழக்கிறீர்கள், அது மீதிச் செலவில் சேர வேண்டும். அனுப்ப வேறு வேலையே இல்லை, ஆட்களை வேலையை விட்டு நீக்கவும் மாட்டீர்கள் என்றால் மட்டும்தான் பூஜ்யம்.

கேள்வி: முடிக்கலாம் என்று கணக்கு சொன்னது. ஆறு மாதம் கழித்து இன்னும் 46 வேண்டும் என்றார்கள். திரும்பக் கணக்கு போட்டோம், திரும்பவும் முடிக்கலாம் என்றே வந்தது. இது எங்கே போய் நிற்கும்?

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறை போட்ட கணக்கும் சரியாகவே இருந்தது, மொத்தத்தில் பணம் போய்க்கொண்டே இருந்தது. தவறு கணக்குமுறையில் இல்லை, மீதிச் செலவு என்று தரப்படும் எண்ணில். அந்த எண்ணைத் தருபவர் பெரும்பாலும் வேலை தொடர வேண்டும் என்று நினைப்பவர்தான். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, நல்லதையே எதிர்பார்க்கிறார்.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஆறு மாதத்தில் எவ்வளவு செலவழித்தீர்கள், மீதி எவ்வளவு குறைந்தது? 15 செலவழித்து மீதி 50இலிருந்து 46க்கு வந்திருந்தால், 15 கொடுத்து 4தான் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் அந்த 46ஐ நம்ப முடியாது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை.

முதல் கேள்வியின் கிடங்கையே பாருங்கள். 2.6 மிச்சம் என்றோம். மீதிச் செலவு ஐந்தரை சதவீதம் கூடினாலே அது காலி. செலவு கூடாமல் வாடகை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போனால் வரவின் மதிப்பு 45.7 ஆகிவிடும், 2 லட்சம் நஷ்டம். இவ்வளவு மெல்லிய மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் தொடர மாட்டேன். தொடர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், மீதி எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்துவோம் என்பதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரே மாதிரி இரண்டு அணுமின் திட்டங்கள், ஒன்றை நிறுத்தினார்கள், ஒன்றை முடித்தார்கள். யார் செய்தது சரி?

வி.சி. சம்மர், வோக்டில் இரண்டையும் சொல்கிறீர்கள். இரண்டிலும் ஒரே வடிவமைப்பில் இரண்டு உலைகள். 2017 மார்ச்சில் அந்த உலைகளை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் திவால் மனு போட்டதும் இரு பக்கமும் உட்கார்ந்து மீதிச் செலவை மறுபடி கணக்கு போட வேண்டியதாயிற்று. சம்மரை அந்த ஜூலையில், ஏறக்குறைய 900 கோடி டாலர் போன பிறகு, கைவிட்டார்கள். வோக்டிலைத் தொடர்ந்தார்கள். அதன் புதிய உலைகள் 2023இலும் 2024இலும் ஓடத் தொடங்கின, மொத்தச் செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டியது. 2017இல் கையில் இருந்த எண்களை வைத்துத்தான் அந்த முடிவுகளை எடைபோட வேண்டும். பின்னால் தெரிந்ததை வைத்து அல்ல. அந்த உலைகள் பல பத்தாண்டுகள் ஓடும், அந்த மின்சாரத்துக்கு என்ன விலை போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

கேள்வி: எல்லாம் சரி, 10 சதவீதம் எங்கிருந்து வந்தது? என் பங்குதாரர் 8 என்கிறார், நான் 12 என்கிறேன்.

ஒரே கிடங்கு, 8 போட்டால் 7.8 லாபம், 12 போட்டால் 1.9 நஷ்டம். இந்தப் பணத்தைக் கிடங்கில் போடாமல் இதே அளவு ஆபத்துள்ள வேறு எதில் போட்டிருப்பீர்கள், அதில் என்ன கிடைக்கும், அந்த விகிதத்தைத்தான் போட வேண்டும். இந்த வேலையைத் தொடங்கும்போது இதிலிருந்து எதிர்பார்த்த லாப விகிதத்தை எடுத்துவந்து போடாதீர்கள், அது பழைய கதை. இரண்டு பேரும் அந்த "வேறு எதில்" என்பதைப் பெயர் சொல்லி எழுதிப் பாருங்கள், பாதி வாக்குவாதம் அங்கேயே குறையும். மீதிப் பாதி குறையாமலும் போகலாம். 8 லட்சத்துக்குக் கேட்ட அந்த ஆள் இன்னும் காத்திருந்தால், உங்கள் பங்குதாரரின் 8 சதவீதத்தில்கூட முடிப்பதும் விற்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.