அரை கிலோ தேனும் அரை லிட்டர் பாட்டிலும்

கேள்வி: அரை கிலோ தேன் எடை போட்டு வாங்கி வந்து அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றினேன். முக்கால் பாட்டில்கூட வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? தேன், பால், பாகு எல்லாம் தண்ணீரைவிடக் கெட்டி, அதனால்தான் கனம் என்கிறார் என் கணவர். சரிதானா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கடைக்காரர் எடையில் ஏமாற்றவில்லை. அரை கிலோ தேன் 350 மில்லி அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தால்தான் நீங்கள் சண்டைக்குப் போயிருக்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. வீட்டில் விளக்கெண்ணெய் இருந்தால் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பாகு மாதிரி இழுபடும் அந்த எண்ணெய் மேலே வந்து மிதக்கும். கெட்டியாக இருக்கிறது, ஆனால் தண்ணீரைவிட லேசு. தேன் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தேன் எண்ணெய் போல ஓடும். அப்போதும் ஒரு தம்ளர் தேனின் எடை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் குறையாது. ஒழுகும் வேகம் வேறு, எடை வேறு.

எடை எங்கிருந்து வருகிறது என்பதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். அளவுக்கோடு போட்ட குவளையில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கிராம் சர்க்கரையைப் போட்டு முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். லேசாகச் சூடு காட்டினால் சீக்கிரம் கரையும். ஆறவிட்டு அளவைப் பாருங்கள். எடை 200 கிராம். மட்டம் 200 மில்லிக்கு ஏறியிருக்காது, 163 மில்லி பக்கம் நிற்கும். 100 கிராம் தண்ணீருக்கு 100 மில்லி இடம் வேண்டும். அதே எடைச் சர்க்கரைக்கு 63 மில்லி போதும். சர்க்கரை மூலக்கூறுக்குள் கார்பனும் ஆக்சிஜனும் நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகளோ ஒன்றையொன்று கைநீட்டிப் பிடித்தபடி நடுவில் இடைவெளி விட்டு நிற்பவை. அதனால் 200 மில்லி தம்ளரில் தண்ணீர் 200 கிராம் என்றால் இந்தப் பாகு 246 கிராம் வரும்.

தேனுக்கும் இதே கணக்குதான். 100 கிராம் நல்ல தேனில் தண்ணீர் சுமார் 18 கிராம், அதற்கு இடம் 18 மில்லி. மீதி 82 கிராமும் பெரும்பாலும் சர்க்கரை வகைகள், அவற்றுக்கு 52 மில்லி. கூட்டினால் 70 மில்லி. உங்கள் 500 கிராமுக்கு 350 மில்லி வந்தது இப்படித்தான். கேக் செய்முறையில் 100 கிராம் தேன் என்று போட்டிருக்க, 100 மில்லி அளந்து ஊற்றினால் 40 கிராமுக்கு மேல் கூடிப்போகும்.

பாலில் இந்த வித்தியாசம் சின்னது. அரை லிட்டர் பாலின் எடை 515 கிராம் பக்கம் இருக்கும். பாலில் கரைந்த சர்க்கரையும் புரதமும் உப்புகளும் எடையைக் கூட்ட, கொழுப்பு குறைக்கிறது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு அல்லவா? அதனால் ஆடை எடுத்த பால்தான், பார்வைக்கு நீர்த்துத் தெரிந்தாலும், முழுப் பாலைவிடக் கனம். கொழுப்பை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் பழைய இடத்திலேயே மிதக்கும். அந்தக் கருவியை மட்டும் காட்டிப் பால் சுத்தம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கொள்முதல் நிலையங்களில் கொழுப்பையும் தனியாகச் சோதிப்பது இதனால்தான்.

உங்கள் பாட்டிலுக்கு வருவோம். தேன் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். தேன் தீர்ந்து கழுவிய பிறகு அந்தக் கோடுவரை தண்ணீர் ஊற்றி, பாட்டில் எடையைக் கழித்துத் தண்ணீரை மட்டும் எடை பாருங்கள். 350 கிராமை ஒட்டி இருந்தால் எடை சரி. 370ஐத் தாண்டினால் தேன் நீர்த்தது. நம் நாட்டு உணவுத் தர விதிப்படி, தேன் சம அளவு தண்ணீரைப்போல் 1.35 மடங்காவது கனக்க வேண்டும், 500ஐ 1.35 ஆல் வகுத்தால் 370 வருகிறது. அப்படி நீர்த்த தேன் சில வாரங்களில் நுரைத்துப் புளிப்பதும் உண்டு.

ஆனால் இந்தச் சோதனை காட்டுவது தண்ணீர்க் கலப்பை மட்டும்தான். அதே பதத்துக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகைக் கலந்திருந்தால் எடை மாறாது. தண்ணீரில் விட்டதும் அடியில் போய் உட்காருவது நல்ல தேன் என்கிறார்களே, அந்தப் பாகும் அப்படியே உட்காரும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.