கை காபி கிரைண்டர்: ஒரு மாசம் தினமும் சுத்துன அனுபவம்

"கையால சுத்துற காபி கிரைண்டர் வாங்கலாமா? டிகாஷனுக்கு பொடி சமமா வருமா? வீட்ல ரெண்டே பேரு."

நான் கொடைக்கானல் மலைல தாண்டிக்குடி பக்கம்ங்க, செராமிக் பல்லு வச்ச சாதா மாடல்தான், ஒரு மாசமா தினமும் காலைல 20 கிராம் அரைக்கிறேன், மூணு நாலு நிமிஷம் ஆகுது, லேசா வறுத்த கொட்டைனா கை கடுத்துடும். வாசனைக்கு குறையே இல்ல.

குறை என்னன்னா, நடுக்கம்பிக்கு அடியில பிடிமானம் இல்ல, அதனால பல்லை தளர்த்தி கொரகொரப்பா வச்சா ஆடுது, தூளும் குருணையும் கலந்து விழுது. வெள்ளை பேப்பர்ல ஒரு சிட்டிகை பரப்பிப் பாருங்க, தெரிஞ்சிடும். பில்டருக்கு கொஞ்சம் நைசா வைக்கிறதால ஆட்டம் கம்மி, ஓரளவு சமமாவே வருது. ஆனா ரொம்ப நைசாக்குனா ஓட்டை அடைச்சு டிகாஷன் இறங்காது, எனக்கு முதல் வாரம் பூரா அந்தக் கூத்துதான்.

அப்புறம் அளவு திருகாணி ரெண்டாவது வாரத்துல தானா நகர ஆரம்பிச்சது, மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். கழுவாதீங்க, இந்த மூடுபனில லேசுல காயாது, பிரஷ் போதும். சிக்கரிய உள்ள போடவே வேணாம், பிசுபிசுன்னு பல்லுல அப்பிக்கும், பொடில கலந்துக்கோங்க.

ரெண்டு பேருக்கு தாராளமா வாங்கலாம், விருந்தாளி வந்தா மட்டும் கடைப்பொடிதான்.