பராமரிப்புப் பாக்கிக்கு நினைவூட்டல்: முதலில் கணக்கு, பிறகுதான் கடிதம்

கேள்வி: காரைக்குடியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு வீட்டுக்காரர்கள் பல மாதமாகப் பராமரிப்புத் தொகை கட்டவில்லை. பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், சிலர் கமிட்டியில் இருப்பவர்களுக்கே உறவு. மரியாதை குறையாமல், அதே நேரம் உறுதியாக எப்படி நோட்டீஸ் எழுதுவது?

பதில்:

இதே ஊரில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கத்தில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் அனுப்பிய முதல் நினைவூட்டலே தவறாகப் போனது. அதிலிருந்து கற்றுக்கொண்டதையே இங்கே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஓர் உரிமையாளருக்கு, "தாங்கள் எட்டு மாதங்களாக ஒரு ரூபாய்கூடச் செலுத்தவில்லை, 15 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் தண்ணீர் இணைப்பு நிறுத்தப்படும்" என்று 2024 டிசம்பர் தொடக்கத்தில் எழுதினேன். அவர் கோபப்படவில்லை. ஆகஸ்ட் 10 அன்று சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு 5,000 ரூபாய் அனுப்பியதற்கான சான்றை இணைத்து, "கணக்கை அனுப்புங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். பேரேட்டைப் புரட்டியபோது, வீட்டு எண் குறிப்பிடாமல் வந்திருந்த அந்தப் பணம் அனாமத்துக் கணக்கில் கிடப்பது தெரிந்தது. யாருடையது என்று விசாரிக்க வேண்டும் என்று பொருளாளர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நாங்கள் விசாரிக்கவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் பார்த்த ஊரில் கணக்குப் பிசகோடு ஒரு பாக்கிக் கடிதம் போனால், அதன் பிறகு எவ்வளவு பணிவாக எழுதினாலும் எடுபடாது.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் பற்று வரவு எழுதி, அனாமத்தில் உள்ள தொகைகளை உரியவர் பெயருக்கு மாற்றுவதுதான். அந்தச் சிங்கப்பூர்க்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதத் தொகை 2,500 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் தனிவட்டி என்பது எங்கள் துணைவிதியில் உள்ளது; அதாவது ஒரு மாதத் தொகைக்கு ஒரு மாதத் தாமதம் என்றால் 25 ரூபாய். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்துக்கு 20,000 ரூபாய். ஆகஸ்டில் வந்த 5,000 ரூபாயைப் பழைய பாக்கியிலிருந்து கழித்தால் ஏப்ரலும் மேயும் தீர்ந்துவிடுகின்றன. மீதி அசல் 15,000 ரூபாய்.

வட்டியில்தான் முதலில் பிழை செய்திருந்தோம். அந்த 5,000 ரூபாயை மறந்து கணக்கிட்டதால் டிசம்பர் 10 வரை 900 ரூபாய் வந்தது. சரியாகப் பார்த்தால் ஏப்ரல் தொகைக்கு ஆகஸ்ட் வரை நான்கு மாதமும், மே தொகைக்கு மூன்று மாதமும் மட்டுமே வட்டி உண்டு; ஜூன் தொகைக்கு ஆறு மாதம் தொடங்கி நவம்பர் தொகைக்கு ஒரு மாதம் வரை மற்றவை வரும். மொத்தம் 700 ரூபாய். இருநூறு ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் கேட்கக் கூடாத இருநூறு ரூபாயைக் கேட்டுவிட்டால் கேட்க வேண்டிய பதினைந்தாயிரமும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

வந்த பணத்தை எதில் வரவு வைப்பது என்பதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. செலுத்துபவர் இன்ன பாக்கிக்கு என்று சொல்லியிருந்தால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லாதபோது பெறுபவர் முடிவு செய்யலாம். நாங்கள் பழைய மாத அசலில் முதலில் வரவு வைப்பது என்று கமிட்டியில் தீர்மானம் எழுதிவைத்து, எல்லா வீட்டுக்கும் அதையே பின்பற்றினோம். உறவினருக்கு ஒரு முறை, மற்றவருக்கு ஒரு முறை என்று போனால் நோட்டீஸே செல்லாக்காசாகிவிடும். வட்டித் தள்ளுபடியும் அப்படித்தான். செயலாளர் தாமாக அதைத் தர முடியாது. தேதி தவறாமல் கட்டியவர்களும் உட்கார்ந்திருக்கும் பொதுக்குழுவில்தான் அதை வைக்க வேண்டும்.

இவற்றோடு லிஃப்ட் பழுதுபார்ப்புக்காகப் பொதுக்குழு ஒப்புக்கொண்ட 84,000 ரூபாயில் ஒரு வீட்டின் பங்கு 3,500 ரூபாய். தீர்மானத்தில் அதற்கு வட்டி சொல்லப்படாததால் நாங்களும் போடவில்லை. ஆக மொத்தம் 19,200 ரூபாய். இந்தக் கணக்கை முடித்த பிறகு, தவறான முதல் கடிதத்தைத் திரும்பப் பெற்று அனுப்பிய இரண்டாவது கடிதம் கீழே இருக்கிறது. பெயரையும் வீட்டு எண்ணையும் நீக்கியிருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மாதத் தொடக்கத்தில் தங்களுக்கு அனுப்பிய கடிதத்தில், 10.08.2024 அன்று தாங்கள் செலுத்திய 5,000 ரூபாயை வரவு வைக்காமல் எழுதியது எங்கள் தவறு. அதற்காக வருந்துகிறோம், அக்கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம்.

அத்தொகையை வரவு வைத்த பிறகு, தங்கள் வீட்டின் பெயரில் 10.12.2024 அன்று நிலுவையில் உள்ள தொகை 19,200 ரூபாய். இதில் ஜூன் முதல் நவம்பர் வரையிலான பராமரிப்புத் தொகை 15,000 ரூபாய், 16.06.2024 அன்று நடந்த பொதுக்குழுவின் தீர்மானப்படி லிஃப்ட் பழுதுபார்ப்புக்கான பங்கு 3,500 ரூபாய். துணைவிதிப்படி தாமத வட்டி 700 ரூபாய். டிசம்பர் மாதத் தொகை இதில் சேரவில்லை. மாத வாரியான கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.

கணக்கில் மாறுபாடு இருந்தால் 20.12.2024க்குள் ஆதாரத்துடன் தெரிவிக்க வேண்டுகிறோம். சரிபார்த்து எழுத்து மூலம் பதில் தருவோம். கணக்கு சரியாக இருந்தால் இணைப்பின் அடியில் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அனுப்பிவைத்து, 31.12.2024க்குள் தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். அத்தேதிக்குள் செலுத்தினால் இந்நிலுவைக்கு மேற்கொண்டு வட்டி சேர்க்கப்படாது. ஒரே தவணையில் செலுத்த இயலாவிட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு என்பதை அதற்குள் எழுத்தில் தெரிவிக்கலாம்.

பதிலோ தொகையோ வராத நிலையில், 05.01.2025 அன்று கூடும் செயற்குழுவில் இந்நிலுவையைச் சட்டப்படி வசூலிப்பது குறித்து முடிவு எடுக்கப்படும். பணம் அனுப்பும்போது வீட்டு எண்ணைத் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர் (செயற்குழுவின் சார்பில்)"

இந்தக் கடிதத்தில் உறுதியைத் தருபவை தேதிகள்தாம். "உடனடியாக", "கடுமையான நடவடிக்கை", "கடைசி எச்சரிக்கை" போன்ற சொற்களை எல்லாம் எடுத்துவிட்டோம். சங்கம் உண்மையில் செய்யக்கூடியதும் செய்யப்போவதுமான ஒன்றை மட்டும், அது நடக்கும் நாளோடு எழுதினால் போதும். ஆனால் ஜனவரி 5 அன்று கமிட்டி கூடியே ஆக வேண்டும். கூடாமல் விட்டால் அடுத்த கடிதத்தை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதாக எழுதாதீர்கள். எங்கள் ஊர்க் குடியிருப்புகளில் உரிமையாளர் வெளிநாட்டிலும் வாடகைக்காரர் வீட்டிலும் இருப்பது வழக்கம். குழாயை மூடினால் தவிப்பவர் கடன்படாத ஒரு குடும்பம். பணம் வசூலிக்கப் போன சங்கம் கடைசியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய எதிர்த்தரப்பாக நிற்கும். அதேபோல், பாக்கிக்காரர்களின் பெயர்ப் பட்டியலைக் கீழ்த்தளப் பலகையில் ஒட்டுவதையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். குழுவில் "மொத்தம் ஆறு வீடுகளின் நிலுவை இவ்வளவு" என்று தொகையை மட்டும் சொல்லலாம். செட்டிநாட்டில் இன்னொரு சபலமும் உண்டு: நேராகக் கேட்கச் சங்கடப்பட்டு, பங்காளி மூலமாகவோ சம்பந்தி மூலமாகவோ சொல்லி அனுப்புவது. எங்கள் துணைத்தலைவர் ஒருமுறை முன்னோர் வழிபாடான படைப்புக்காக ஊருக்கு வந்திருந்த ஓர் ஆச்சியிடம், பத்துப் பேர் நடுவில் பாக்கியைப் பற்றிப் பேசிவிட்டார். அந்த ஆச்சி அன்று மாலையே பணத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அதை வசூல் என்று கணக்கில் எழுதலாம்தான், எனக்கு மனம் ஒப்பவில்லை. உரிமையாளர் எழுத்தில் நியமித்த ஆள் இருந்தால் ஒழிய, கடிதம் உரிமையாளருக்கு மட்டுமே போக வேண்டும். பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் பெயரையும் எழுதுங்கள்.

கணக்கின் அடியில் கையெழுத்துக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள்தாம் அவகாசம். நாம் அனுப்பும் நினைவூட்டல் எத்தனை என்றாலும் அந்த அவகாசம் ஒரு நாள்கூட நீளாது. 2024 ஜூன் தொகை 2027 ஜூனில் காலாவதியாகிவிடும். ஆனால் அவகாசம் முடிவதற்குள் கடன்பட்டவர் தம் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும் என்று அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. "வருடா வருடம் நோட்டீஸ் விட்டிருக்கிறோமே" என்று நிம்மதியாக இருந்து, நான்காவது ஆண்டில் வழக்கறிஞரிடம் போய் விழிக்கும் சங்கங்கள் உண்டு. உங்கள் ஆறு வீடுகளில் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கி எதாவது இருந்தால், அந்த வீட்டுக்கு முதலில் கடிதம் அனுப்புங்கள்.

உறுப்பினர் பதிவேட்டில் உள்ள முகவரிக்குச் சேர்ப்புச் சான்றுடன் தபாலிலும், அதே நாளில் அதே வாசகத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, இரண்டின் நகலையும் அந்த வீட்டுக்கான கோப்பில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் தனியாக "தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியுள்ளோம்" என்று சொன்னால் போதும். தொகையை அங்கே எழுத வேண்டியதில்லை.

சிங்கப்பூர்க்காரர் கணக்கில் கையெழுத்திட்டு அனுப்பி, டிசம்பர் 28 அன்று 19,200 ரூபாயோடு டிசம்பர் மாதத்துக்கான 2,500 ரூபாயையும் சேர்த்து 21,700 ரூபாய் செலுத்தினார். இந்த முறை வீட்டு எண்ணைக் குறிப்பிட்டிருந்தார். டிசம்பர் தொகைக்கு 10ஆம் தேதி தாண்டிவிட்டதே, 25 ரூபாய் வட்டி உண்டா என்று பொருளாளர் கேட்டார். ஒரு மாதத் தாமதம் இன்னும் முழுதாகவில்லை என்று பதில் சொன்னேன்.